போன் காட்டுவது கிழக்கு இல்லை

வீட்டு வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம்?" கிழக்கு எது என்று அளந்தீர்களா என்று திருப்பிக் கேட்டால், போனை எடுத்துக் காட்டுகிறார்கள்.

தை மாதம் காட்பாடியில் ஒரு மனை. 30 அடிக்கு 40 அடி. பக்கத்திலேயே கம்பிக்கட்டு அடுக்கியிருந்தது. அதன் மேல் போனை வைத்துப் பார்த்த மேஸ்திரி, தெரு நேர் கிழக்கு என்றார். இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும். "அண்ணே, ஒரு நாள் பொறுங்க, நிழல் பார்த்துடலாம்" என்றேன்.

நிழல் பார்க்க நடுகிற குச்சியைத்தான் வாஸ்து நூல்கள் சங்கு என்கின்றன. தரையைத் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் செய்தோம். 12 அங்குலக் குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்து நட்டு, அதைச் சுற்றி 24 அங்குல ஆரத்தில் வட்டம் போட்டோம். காலை எட்டே முக்கால் வாக்கில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழைந்த இடத்தில் ஓர் ஆணி. சாயங்காலம் நாலு மணிக்கு வெளியேறிய இடத்தில் இன்னோர் ஆணி. இரண்டையும் நூலால் இணைத்தால் அதுதான் கிழமேல் கோடு. குச்சி கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு திரும்பிவிடும். சாயங்காலம் மேகம் மூடினால் அன்றைய வேலை வீண், மறுநாள்தான்.

கோட்டைத் தெருவோடு ஒப்பிட்டோம். பத்தடிக்கு 1 அடி 7 அங்குலம் விலகியிருந்தது, அதாவது 9 டிகிரி. வீட்டைத் திருப்பிவிடலாமா என்று வீடு கட்டுகிற அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். இவ்வளவு சின்ன மனையில் வீட்டைத் திருப்பினால் நாலு ஓரத்திலும் முக்கோணத் துண்டுகள்தான் மிஞ்சும். மேற்குச் சுவர் வெயில் வாங்குவதும் 9 டிகிரியில் பெரிதாக மாறாது. தெருவோடு போகட்டும், ஆனால் தெரிந்தே போகட்டும்.

சரி, அப்புறம் கட்டம். மனையின் நீளத்தையும் அகலத்தையும் ஒன்பதொன்பதாகப் பிரித்தால் 81 கட்டம். ஒரு கட்டம் ஒரு பதம், இந்த அமைப்புக்குப் பரமசாயிகம் என்று பெயர். நடுவில் ஒன்பது பதம் பிரம்மாவுக்கு. அதைச் சுற்றி நாலு திசையிலும் அர்யமன், விவஸ்வான், மித்திரன், பூதரன் என்ற தேவர்களுக்கு ஆளுக்கு ஆறு பதம். இந்த மனையில் நடு ஒன்பது பதம் 10 அடிக்கு 13 அடி 4 அங்குலம் வந்தது. மனையில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. நம் பழைய வீட்டு முற்றம் உட்கார்கிற இடம் அது.

வரைபடத்தில் அங்கேதான் ஒரு தூணும் மாடிப்படியும் இருந்தன. கோடுகள் சந்திக்கும் மர்மப் புள்ளியில் தூண் கூடாது என்பது நூலின் விதி. எனக்கு அதைவிட இன்னொரு காரணம் பெரிது: வேலூர் வெயிலில் உள்ளறைச் சூடு மேலே ஏறிப் போக வழி வேண்டும். படியை மேற்குச் சுவரோரம் தள்ளினோம், அந்தச் சுவருக்கும் நிழலாச்சு. முழு முற்றத்துக்கு அக்கா சம்மதிக்கவில்லை. நாலடிக்கு நாலடி திறப்பு, மேலே கம்பிவலை, மழைக்குத் தகடு.

மூலைக்கு மூலை தோஷம் சொல்லி, கட்டிய சுவரை இடிக்கச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நிழல் பார்த்தீர்களா, நடு ஒன்பது பதத்தை அளந்தீர்களா?