ரியாக்‌ஷன் டைமுக்கு அதே கணக்கோ?

"இடையில இருந்து ஒரு நியம விலகலுக்குள்ள 68 வீதம், ரெண்டுக்குள்ள 95 வீதம் எண்டு மார்க்ஸுக்குச் சொன்ன அந்தக் கணக்கு ரியாக்‌ஷன் டைமுக்கும் சரிவருமோ?"

அப்பிடியே போட்டா பிழைக்கும். மார்க்ஸ் இடை 60, நியம விலகல் 10 எண்டா, செவ்வன் வளைவு ரெண்டு பக்கமும் ஒரேமாதிரிச் சரியிறபடியா 50க்கும் 70க்கும் இடையில 68 வீதம் பிள்ளையள் எண்டு சொல்லலாம். ரியாக்‌ஷன் டைம் இடை 300 மில்லிசெக்கன், விலகல் 110 எண்டு வைச்சுப் பாருங்கோ, ரெண்டு விலகல் கீழ போனா 80, லைட்டைக் கண்டு விரலால அமத்த 100 கூடக் காணாது, அப்பிடி வந்தா லைட் பத்த முன்னமே அமத்திட்டினம் எண்டுதான் எடுக்கவேணும். மேல்பக்கம் எண்டா யோசனை வேற எங்கையோ போனா 900உம் வரும். அதால வலப்பக்கம் வால் நீண்டு இடையைத் தன்ர பக்கம் இழுத்து விலகலையும் கூட்டிப்போடும். நான் எண்டா முதல்ல இடையத்தைத்தான் பாப்பன், இல்லாட்டி லொக் எடுத்துப்போட்டு வளைவைக் கீறிப் பாருங்கோ, கொஞ்சம் நிமிரும்.