48 ஆணிகளும் ஒரு குக்கரும்

கோயில் திருவிழாவில் அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றித் தோற்றுவிட்டு வருபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "பின்னால் காந்தம் வைத்திருக்கிறான்", "காலால் கட்டையை மிதித்து நிறுத்துகிறான்" என்பார்கள். இந்தப் பேச்சு எனக்குச் சலித்துவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் இந்தப் பங்குனியில் செய்த ஒரு வேலைக்குப் பிறகு, அது தவறான பேச்சு என்றும் சொல்லத் தோன்றுகிறது.

டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் அந்தச் சக்கரம் இருந்தது. ஆள் உயரப் பலகை வட்டம், விளிம்பில் வரிசையாக ஆணிகள், மேலே ஆணிகளில் தட்டித் தட்டி நிற்கும் ஒரு தோல் நாக்கு. டிக்கெட் 30 ரூபாய். முன்னால் மேசையில் குக்கர், சுவர்க் கடிகாரம், எவர்சில்வர் தூக்கு, பிளாஸ்டிக் டப்பா, சோப்புப் பெட்டி, சாக்லேட் என்று ஆறு வகைப் பொருட்கள். குக்கர் மட்டும் அட்டைப் பெட்டியோடு பத்துப் பன்னிரண்டு அடுக்கப்பட்டிருந்தது. அக்கா இரண்டு டிக்கெட் வாங்கினாள். இரண்டு முறையும் 'மீண்டும் வருக'. "ஆறு பொருள் இருக்கிறது, ஒன்றுகூடவா விழாது?" என்று அலுத்துக்கொண்டாள்.

பையன் அம்மாவின் கைப்பேசியை வாங்கிச் சக்கரத்தைப் படம் எடுத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "சுற்றும்போது எண்ண முடியவில்லை மாமா. நின்றதும் உடனே அடுத்த ஆள் சுற்றிவிடுகிறார்" என்றான்.

முதல் படம் பயன்படவில்லை. பக்கவாட்டில் நின்று எடுத்ததால் வட்டம் முட்டை வடிவத்தில் வந்திருந்தது. கீழ்ப்பகுதியைக் கடைக்காரரின் தோள் மறைத்திருந்தது. மறுநாள் சக்கரத்துக்கு நேர் எதிரே போய் நின்று எடுத்தான். வீட்டில் மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கி, எண்ணிய ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். முதல் தடவை 47 வந்தது. தொடங்கிய இடத்தை விட்டுவிட்டான். அடுத்த தடவை 48.

அந்த 48 இடைவெளிகளில் குக்கர் 1, கடிகாரம் 1, தூக்கு 2, டப்பா 3, சோப்புப் பெட்டி 6, சாக்லேட் 15. மீதி 20 'மீண்டும் வருக'. அக்காவின் ஏமாற்றத்துக்குக் காரணம் இதுதான். அவள் மேசையைப் பார்த்து ஆறில் ஒன்று என்று நினைத்தாள். தோல் நாக்குக்கு மேசை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆணிகளுக்கு இடையிலான சந்து மட்டும்.

பையன் அதோடு விடவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள பாத்திரக் கடையில் விலை கேட்டு வந்தான். பெயர் எதுவும் இல்லாத அந்தச் சின்னக் குக்கர் 450 ரூபாய். கடிகாரம் 150, தூக்கு 80, டப்பா 20, சோப்புப் பெட்டி 10, சாக்லேட் 2. ஒவ்வோர் இடைவெளியும் சரியாக ஒரு முறை விழுந்தால் கடைக்காரர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கூட்டினான்: 450, 150, 160, 60, 60, 30. மொத்தம் 910 ரூபாய். அதே 48 டிக்கெட்டுகளுக்கு அவர் வாங்குவது 1,440. நடுவில் நிற்பது 530. அதாவது 30 ரூபாய் கொடுப்பவருக்குச் சராசரியாக 19 ரூபாய்ப் பொருள் திரும்பி வருகிறது, 11 ரூபாய் அங்கேயே தங்கிவிடுகிறது. கடைக்காரர் மொத்த விலைக்கு வாங்குவதைச் சேர்த்தால் இன்னும் கூடத் தங்கும். சூதாட்ட விடுதிகளில் இருக்கும் ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் வென்றால் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்து, மேலே ஒன்றுக்கு 35 தருகிறார்கள். அங்கே விடுதிக்குத் தங்குவது நூற்றுக்கு 2.7. நம் ஊர்ச் சக்கரத்தில் நூற்றுக்கு 37.

இதைப் பார்த்ததும் பையனுக்கு வந்த கோபம் பெரியவர்களின் கோபமேதான். "அப்படியென்றால் குக்கர் விழவே விழாதபடி ஏதோ செய்திருக்கிறார் மாமா" என்றான். மூன்றாம் நாள் மாலை அவனை அழைத்துக்கொண்டு போய் ஓரமாக நின்றேன். 60 சுற்றுகள், ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தான். குக்கர் ஒரு முறைகூட விழவில்லை. "பார்த்தீர்களா!" என்றான்.

எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஒரு சுற்றில் குக்கர் விழாமல் இருக்க வாய்ப்பு 48-இல் 47. அந்தப் பின்னத்தை 60 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறக்குறைய 0.28 வரும். எந்தக் குறையும் இல்லாத சக்கரத்தை வைத்து நூறு பேர் இதே போல அறுபது அறுபதாகக் குறித்தாலும், சுமார் 28 பேருடைய நோட்டில் குக்கர் இருக்காது. ஆகவே அந்தப் பூஜ்யம் எதையும் நிரூபிக்கவில்லை. அடிக்கடி விழுவதைத்தான் பார்க்க வேண்டும். 'மீண்டும் வருக'வும் சாக்லேட்டும் சேர்ந்து 48-இல் 35. அறுபது சுற்றில் சுமார் 44 முறை வர வேண்டும். பையனின் நோட்டில் 46. இது சாதாரண ஏற்ற இறக்கம். குக்கரின் சந்து மற்றவற்றைவிடச் சற்றுக் குறுகலோ என்ற ஐயமும் அவனுக்கு இருந்தது. திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் அது 11 மில்லிமீட்டர், பக்கத்துச் சந்து 13. அது உண்மையானால் 48-இல் ஒன்று என்பது 57-இல் ஒன்றாகிவிடும். ஆனால் படத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்பது லென்ஸின் வளைவாகவும் இருக்கலாம். உறுதி செய்யப் பல நூறு சுற்றுகள் குறிக்க வேண்டும்; இல்லையென்றால் சக்கரத்தின் மீதே ஸ்கேல் வைக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: காந்தத்தைத் தேடுகிறவர்கள், காந்தம் இல்லையென்றால் ஆட்டம் நியாயம் என்று தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள். இங்கே காந்தம் தேவையே இல்லை. இன்றைக்கு யாராவது அடுத்தடுத்து இரண்டு குக்கர் தூக்கிக்கொண்டு போனாலும் கடைக்காரருக்குக் கவலை இல்லை. பத்து நாளில் அந்தச் சக்கரம் ஆயிரக்கணக்கில் சுற்றும். டிக்கெட்டுக்கு 11 ரூபாய் என்ற சராசரியை நோக்கி அது தானாகவே வந்து சேரும். நாம் இரண்டு தடவை சுற்றுகிறோம். நமக்குச் சராசரி என்று ஒன்று வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பிடிவாதமாக 48 டிக்கெட்டும் வாங்கி, 450 ரூபாய்க் குக்கருக்காக 1,440 ரூபாய் செலவழித்தால்கூட, குக்கர் இல்லாமல் திரும்ப நூற்றுக்கு 36 வாய்ப்பு உண்டு.

கணக்கில் வராத ஒன்றும் படத்தில் இருந்தது. குக்கருக்கு இரண்டு பக்கமும் 'மீண்டும் வருக'. நாங்கள் பார்த்த 60 சுற்றில் மூன்று முறை நாக்கு அதை ஒட்டிய சந்தில் நின்றது. கூட்டமே "அடடா!" என்றது. அந்த மூன்று பேரும் உடனே இன்னொரு டிக்கெட் வாங்கினார்கள். ஓர் ஆணி தள்ளி நிற்பதும் இருபது ஆணி தள்ளி நிற்பதும் ஒன்றுதான். சக்கரத்துக்குப் போன சுற்று நினைவில் இருப்பதில்லை. பையனுக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது; அக்காவுக்கு இன்னும் புரியவில்லை.

கடைசி நாள் இரவு, கூட்டம் குறைந்த பிறகு, நோட்டோடு நின்ற அவனைக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"நாலு நாளாகப் பார்க்கிறேன் தம்பி, என்ன எழுதுகிறாய்?"

"48 சந்து இருக்கிறது. சரிதானா அண்ணா?"

"அத்தனை ஆணியும் நானே அடித்தது. எண்ணாமலா அடித்திருப்பேன்?" என்று சிரித்தார்.

குக்கர் சந்தை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாமா என்று கேட்டான். அவர் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "30 ரூபாய் இருக்கிறதா?" என்றார்.