அவருக்கு இருபது நிமிடம், எனக்கு அரை நாள்

நெல் ரகங்கள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்ட ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் வரை போய், பார்க்காமலே திரும்பினேன். அதை அன்றிரவே எழுதிவிட்டேன், முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த நண்பர்கள் சிலர், "மனிதர் இருபது நிமிடம்தானே கேட்டார், அதற்கா இவ்வளவு கோபம்?" என்கிறார்கள். அந்தக் கேள்விதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

இருபது நிமிடம் அவருக்கு. எனக்கு அது அரை நாள். இதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான்: "தஞ்சாவூரில் 02/03 முதல் 02/05 வரை இருப்பேன். நெல் ரகங்கள் பற்றிச் சிறிது நேரம் பேச முடியுமா?" நம் வழக்கப்படி படித்தால் மார்ச் 2 முதல் மே 2 வரை. இரண்டு மாதம் தங்கப் போகிறாரா என்று திகைத்தேன். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்த பிறகே பிப்ரவரி 3, 4, 5 என்று புரிந்தது. "பிப்ரவரி 3, செவ்வாய்" என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் குழப்பமில்லை.

எங்கே தங்குகிறார், எந்தெந்த நேரம் அவருக்கு ஓய்வு, யார் யாரிடம் வர வேண்டும் என்று ஒன்றுமில்லை. தஞ்சாவூர் என்றால் போதும் என்று நினைத்துவிட்டார். நான் இருப்பது நீடாமங்கலம் பக்கம். இன்னொருவர் கும்பகோணம், மற்றொருவர் திருவாரூர் தாண்டி. எங்கள் மூவர் முகவரியும் ஒரே கடிதத்தில் இருந்தன. மூவரும் தனித்தனியே "செவ்வாய் காலை 11 மணி" என்று பதில் எழுதினோம். மூவருக்கும் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று பேரை எப்படிப் பார்ப்பார்? அவர் நாட்குறிப்பில் அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

பிப்ரவரி முதல் வாரம் இங்கே என்ன காலம் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுவடை. விடியற்காலையில் கதிரில் பனி சொட்டும்; அது காய்ந்து ஒன்பது, பத்து மணிக்குத்தான் அறுவடை எந்திரம் வயலில் இறங்கும். செவ்வாய்க்கிழமை என் முறை. எந்திரக்காரர் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறவர், நமக்காகக் காத்திருக்க மாட்டார். "அண்ணே, இன்றைக்கு விட்டால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும்" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று முறையை விட்டுக்கொடுத்தேன். எட்டே காலுக்கு டவுன் பஸ், நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைப்பு, பிறகு தஞ்சாவூர் பஸ். பத்தே முக்காலுக்குப் பழைய பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். அப்போது மின்னஞ்சல் வருகிறது: "கோயில் பார்க்கக் கிளம்பிவிட்டேன். மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வோமா?"

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு மணி. எந்திரம் போய்விட்டது. அது மீண்டும் வர நான்கு நாளாகும் என்கிறார்கள். கதிர் முற்றி மணி உதிரத் தொடங்கிவிட்டது. இடையில் மழை பெய்தால் பயிர் சாய்ந்துவிடும், ஈரப்பதம் ஏறிவிடும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் தள்ளி வைப்பார்கள்; களத்தில் கொட்டிக் காயவைத்துக் காவல் இருக்க வேண்டும். இதுதான் அவருடைய இருபது நிமிடம்.

"வர முடியாது என்று எழுதியிருக்கலாமே?" எழுதியிருக்கலாம். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். "வெளிநாட்டுக்காரர், அவருக்கு ஊர் தெரியாது." தெரியாதவர் கேட்டிருக்கலாமே! "உங்களுக்கு எந்த இடம், எந்த நேரம் வசதி?" என்று ஒரு வரி. ஊர் தெரியாது என்பது கேட்பதற்குத்தான் காரணம், கேட்காமல் இருப்பதற்கு எப்படிக் காரணமாகும்? "விருந்தோம்பல் நம் பண்பாடு" என்று ஒருவர் எனக்கு நினைவூட்டுகிறார். விருந்தாளி என்றால் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான்தான் அவரைத் தேடிப் போய் வெயிலில் நின்றேன்.

நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பாவைப் பார்க்க ஒரு வேளாண்மை ஆசிரியர் வந்தார். இரண்டு வாரத்துக்கு முன்பே இன்லேண்டு கடிதம் வந்துவிட்டது. எந்தத் தேதி, என்ன கிழமை, எந்த ரயிலில் நீடாமங்கலம் வந்து எந்த ரயிலில் திரும்புகிறார், அப்பாவிடம் கேட்க இருக்கும் மூன்று கேள்விகள், எல்லாம் அதில் இருந்தன. "தாங்கள் வயலில் இருந்தால் வயலுக்கே வருகிறேன், வேலையை நிறுத்த வேண்டாம்" என்று கடைசி வரி. சொன்னபடியே வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நின்றார். அப்பா நாற்றுக் கட்டைப் பிரித்துக்கொண்டே பேசினார். மோர் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அப்பா ஒரு மணி நேர வேலையைக்கூட இழக்கவில்லை. அந்தக் கடிதத்தை அவர் நெடுநாள் பெட்டியில் வைத்திருந்தார்.

அப்பாவுக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. எந்திரத்தைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறார். மார்ச்சில் திரும்ப வருகிறாராம், "சிறிது நேரம்" வேண்டுமாம். என்ன கேள்வி என்று எழுதுங்கள், தேதியையும் கிழமையையும் எழுத்தில் எழுதுங்கள், என் வயலுக்கு வாருங்கள், காலை ஏழு மணிக்கு முன் என்றால் நான் வீட்டில் இருப்பேன் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் மறுமொழி இல்லை.