அந்த விரிசல் எனக்கு முன்பே அங்கே குடியிருந்தது

வீட்டைத் திருப்பி ஒப்படைத்த அன்று நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். சமையல் மேடைக் கல்லின் விரிசலும் குளியலறைக் கதவின் பழுதும் என்னால் வந்தவை, அவற்றுக்கு முன்பணத்தில் கழிக்க வேண்டும் என்கிறார் வீட்டு உரிமையாளர். அன்றிரவே இங்கு புலம்பித் தீர்த்திருந்தேன். அதன்பின் வந்த அறிவுரைகளையும் பொறுமையாகப் படித்தேன். "வயதில் பெரியவர், அவரோடு எதற்கு வம்பு" என்றார் ஒருவர். "ஒரு கல்லுக்காகவா இத்தனை பேச்சு" என்றார் இன்னொருவர். ஆகவே ஒரே முறை, விளக்கமாக எழுதிவிடுகிறேன். சமையல் மேடைக் கல்லில் இருக்கும் அந்த விரிசல் புதியதன்று. நான் குடிவருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. இதை நான் என் நினைவிலிருந்து சொல்லவில்லை. உரிமையாளரே கையொப்பமிட்ட பட்டியலிலிருந்து சொல்கிறேன்.

குடிவந்த நாளில் இருவரும் அறை அறையாக நடந்து ஒரு பொருட்பட்டியல் தயாரித்தோம். மின்விசிறி, விளக்கு, குழாய், கதவு, அலமாரி என்று ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் நிலையை எழுதும் பத்தி ஒன்று இருந்தது. பெரும்பாலான வரிகளில் "நன்று" என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது. சமையல் மேடை வரியில் மட்டும் அச்சிட்ட "நன்று" அடிக்கப்பட்டு, பேனாவால் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: "சிங்க்கின் இடப்பக்க முன்மூலையிலிருந்து கல்லின் முன்விளிம்பு நோக்கி விரிசல், பசை பூசப்பட்டுள்ளது." அருகில் இரண்டு சுருக்கொப்பங்கள், ஒன்று என்னுடையது, மற்றொன்று அவருடையது. அடித்தல் திருத்தல் இருக்கும் இடத்தில் இருவரும் ஒப்பமிட வேண்டும் என்று அன்று வற்புறுத்தியவரே அவர்தான். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவர் சொல்வது, "இது வேறு விரிசல்" என்பது.

வேறு விரிசலாம்! கல்லில் சிங்க்குக்காகச் சதுரமாக வெட்டும்போது உள்மூலைகளில்தான் அழுத்தம் சேர்கிறது. அதிலும் சிங்க்குக்கும் முன்விளிம்புக்கும் இடையே எஞ்சும் அந்தக் குறுகிய பட்டைதான் கல்லிலேயே மிகவும் பலவீனமான இடம். கல்லைத் தூக்கி வந்து பொருத்தும்போதே அங்கு விரிசல் விழுவது அத்தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஒரே மூலையில், ஒரே திசையில், ஒரே வளைவோடு இரண்டாவது விரிசல் ஒன்று தோன்றி, முதல் விரிசல் சொல்லாமல் மறைந்துவிட்டது என்று நான் நம்ப வேண்டுமாம்.

கல்லே சாட்சி சொல்கிறது. குடிவந்த அன்று நான் எடுத்த படங்களில் ஒன்று சமையலறை முழுவதையும் காட்டுகிறது. அடுத்தது மேடையை மட்டும் காட்டுகிறது. மூன்றாவது, விரிசலை மிக அருகில். தூரத்துப் படம் இல்லாமல் அருகில் எடுத்த படம் மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுக் கல் என்றே யாரும் கேட்கலாம் என்பதால்தான் அப்படி எடுத்தேன். அருகில் எடுத்த படத்தில் விரிசலுக்குள் பசை தெரிகிறது. நிறமின்றித் தெளிவாக இருந்திருக்க வேண்டிய அந்தப் பசை அப்போதே மஞ்சள் பாய்ந்து, ஓரங்களில் அழுக்கு படிந்து கருத்திருக்கிறது. அண்மையில் உடைந்த கல்லின் ஓரம் கூர்மையாகவும் உள்நிறம் சுத்தமாகவும் இருக்கும். இங்கே ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. நான் கேட்பது ஒன்றே ஒன்று. விரிசல் என் காலத்தில் வந்தது என்றால், நான் வருவதற்கு முன் அதற்குப் பசை பூசியது யார்?

இதற்குப் பதில் இல்லாமல் போனதும் பேச்சு மாறியது. "சரி, சிறிதாக இருந்தது, கனமான பாத்திரம் வைத்து நீங்கள்தான் நீட்டிவிட்டீர்கள்." இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. விரிசல் நீளக்கூடியதுதான், பட்டியலிலோ நீளம் குறிக்கப்படவில்லை. ஆனால் கிரானைட் கல்லின் புள்ளிகள் இடம் மாறுவதில்லை. பழைய படத்தில் விரிசலின் முனை, அவரை விதை வடிவில் இருக்கும் ஒரு கரும்புள்ளியைத் தொட்டு நிற்கிறது. அதே கோணத்தில், அதே உயரத்தில், சன்னலை மூடி விளக்கு வெளிச்சத்தில் மறுபடி எடுத்தேன். விரிசல் இன்றும் அதே புள்ளியைத் தொட்டுத்தான் நிற்கிறது, அதைத் தாண்டவில்லை. அவர் அனுப்பிய படத்தில் அது பயங்கரமாகத் தெரிவதற்குக் காரணம், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து எடுத்திருப்பதுதான். பக்க வெளிச்சத்தில் எந்தக் கீறலும் பள்ளத்தாக்காகிவிடும். நேர் எதிரே ஒளி பாய்ச்சினால் நிஜமான கீறலே மறைந்துவிடும். இரண்டு படங்களை ஒப்பிடும்போது கோணமும் ஒளியும் ஒன்றாக இல்லையென்றால் அந்த ஒப்பீட்டால் எதையும் நிரூபிக்க முடியாது, அது யாருக்குச் சாதகமாக இருந்தாலும் சரி.

படத்தின் தேதியை மாற்றிவிடலாமே என்று கேட்ட நண்பருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றலாம். கைபேசிப் படத்தின் கோப்புக்குள் எடுத்த நாளும் நேரமும் பதிவாகின்றன, ஆனால் அதைத் திருத்தும் செயலிகளும் இருக்கின்றன. கோப்பை வேறொரு கணினிக்கு நகலெடுத்தால் வெளியே தெரியும் தேதி மாறிவிடுவதுண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் அந்தக் குறிப்பே நீங்கிவிடுகிறது. இவையெல்லாம் தெரிந்ததால்தான் குடிவந்த மறுநாள் காலையிலேயே எல்லாப் படங்களையும் மின்னஞ்சலில் இணைத்து அவருக்கு அனுப்பினேன். அதன் ஒரு பிரதி அவருடைய அஞ்சல் பெட்டியில் இருக்கிறது. என் கைபேசியை நான் என்ன செய்தாலும் அந்தப் பிரதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற என்னால் முடியாது. அவர் அதைத் திறந்து பார்த்தால் போதும்.

"நீ ஒருநாளும் வீட்டை வாடகைக்கு விட்டதில்லை, உரிமையாளரின் வலி உனக்குத் தெரியாது" என்று ஒரு உறவினர் எழுதியிருந்தார். என் தந்தை எங்கள் வீட்டின் பின்பகுதியைப் பல ஆண்டுகள் வாடகைக்கு விட்டிருந்தார். யாராவது காலி செய்யும்போது அவர் தனியாகப் போய்ப் பார்க்கமாட்டார். குடியிருந்தவரையும் உடன் அழைத்துக்கொண்டு, பழைய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவார். நோட்டில் ஏற்கெனவே எழுதியிருக்கும் பழுதைக் கண்டால் அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இது நம்முடையது" என்று சொல்லிவிட்டு நகர்வார். ஒரு முறை கழுவுதொட்டி ஒன்று உண்மையிலேயே உடைந்திருந்தது. அதற்கும்கூடப் புதுத் தொட்டியின் முழு விலையை அவர் கேட்கவில்லை. தொட்டி பழையது, எஞ்சிய ஆயுளுக்கு உரியதை மட்டும் கொடுங்கள் என்றார். உரிமையாளரின் வலி எனக்குத் தெரியும். உரிமையாளரின் நேர்மையும் எனக்குத் தெரியும் என்பதுதான் இங்கே சிக்கல்.

அடுத்தது குளியலறைக் கதவு. அவர் கையில் ஓரளவு வலுவான சீட்டு இது ஒன்றுதான் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். பட்டியலில் கதவுக்கு எதிரே "நன்று" என்றே இருக்கிறது, என் கையொப்பமும் கீழே இருக்கிறது. கதவின் உட்புற அடிப்பகுதி நீர் ஏறி உப்பி, மேல் ஒட்டுத்தாள் பிரிந்திருக்கிறது. "கல்லில் இருந்த விரிசலை எழுதத் தெரிந்தவருக்குக் கதவு மட்டும் கண்ணில் படவில்லையா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நாங்கள் பார்வையிட்டபோது கதவு உட்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டி நின்றது. உப்பிய பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. அன்றிரவு கதவைச் சாத்தியபோதுதான் அது தெரிந்தது. உடனே படமெடுத்தேன். மேலே சொன்ன அதே மின்னஞ்சலில், "குளியலறைக் கதவின் உட்புறக் கீழ்ப்பகுதி ஏற்கெனவே உப்பியிருக்கிறது, இதையும் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். அதற்கு அவர் அனுப்பிய பதில்: "சரி, பார்த்துக்கொள்கிறேன்."

கையொப்பமிட்ட பட்டியலுக்கு மதிப்பு உண்டு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே கதவு விஷயத்தில் மட்டும் அது செல்லாது என்று சொல்லமாட்டேன். பட்டியலுக்குப் பின் ஒரு திருத்தம் அனுப்பப்பட்டது, அதை அவர் மறுக்கவில்லை, சரி என்றார் என்பதே என் வாதம். அப்போதே "இல்லை, கதவு நன்றாகத்தான் இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்திருப்போம். அப்போது பேசாமல் இருந்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் ஆச்சரியப்படுவதற்குப் பெயர் மறதி என்று வைத்துக்கொள்கிறேன். வேறு பெயர் சொல்ல மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் உப்பல் இன்னும் கூடியிருக்காதா என்றால், குளியலறையில் குளிப்பார்கள், கதவின் மேல் தண்ணீர் படும். அது புழக்கத்தால் வரும் தேய்மானம். சேதக் கணக்கில் வராது.

இனி, கல்லுக்கான செலவை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொள்ளலாம் என்ற அந்தப் "பாதிப் பாதி". கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! அவர் சொன்னதும் அதுவே: "உங்களுக்காகப் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்." பழைய விரிசலுக்கு என் பங்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததில் பாதி எப்படி ஒரு தொகையாகிறது என்று புரியவில்லை. அதுவும் எதில் பாதி? பசை பூசிய பழைய கல்லுக்குப் பதிலாக மேடை முழுவதற்கும் புதுக் கல் போடும் செலவில் பாதி. விரிசல் என்னுடையதாகவே இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு தவறு. பாதி கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்கிறீர்கள். பாதி கொடுத்தால், நான் உடைத்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். அடுத்து நான் குடிபோகும் வீட்டின் உரிமையாளர் இவரிடம்தான் என்னைப் பற்றி விசாரிப்பார்.

உண்மையைச் சொன்னால் பணத்தைவிட என்னைச் சுட்டது அவர் சொன்ன விதம். தரகர் முன்னிலையில், என் பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும்போது, "இப்போதெல்லாம் யாரையும் நம்பி வீடு கொடுக்க முடியவில்லை" என்றார். அப்போது பட்டியல் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டார். மாத வாடகை வங்கியில் ஏறியதா என்று கைபேசியில் பார்ப்பதற்கு அவருக்கு ஒருநாளும் கண்ணாடி தேவைப்பட்டதில்லை.

பட்டியலின் அந்தப் பக்கத்தையும், புள்ளியைத் தொட்டு நிற்கும் விரிசலின் பழைய படம், புதிய படம் இரண்டையும், கதவைப் பற்றிய மின்னஞ்சலையும் அவருடைய பதிலையும் ஒரே கடிதத்தில் இணைத்து நேற்று அனுப்பிவிட்டேன். கூடத்துச் சுவரில் படம் மாட்ட நான் அடித்த ஆணித் துளைகளை அடைத்து வண்ணம் பூசும் கூலியைக் கழித்துக்கொள்ளலாம், அவை பழைய படத்தில் இல்லை, அவை என்னுடையவை என்றும் எழுதியிருக்கிறேன். கல்லுக்கும் கதவுக்கும் எதையும் கழிக்க நான் ஒப்பவில்லை. கழிப்பதானால் எந்தப் பழுதுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக, அது புதியது என்பதற்கான ஆதாரத்தோடு எழுதித் தரட்டும். இன்று காலை, "நேரில் வாருங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று குரல்பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறார். எழுத்தில் அனுப்புங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.