கூர்முனைக்காக விடிய விடியக் காத்திருப்பவர்களுக்கு

சனிக்கிழமை காலை நம் ஆப்ஷன் குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள், அந்தப் படத்தை இன்னும் யாரும் அழிக்கவில்லை. அயர்ன் பட்டர்ஃபிளை என்னும் ஆப்ஷன் வியூகத்தின் லாப நஷ்டப் படம் அது: கூடாரம் மாதிரி ஒரு கோடு, உச்சியில் பச்சை வட்டம், கீழே "மேக்ஸ் லாஸ் ஃபிக்ஸ்ட், ஆர்டரப் போட்டுட்டுத் தூங்குங்க". செந்தூல் தம்பி ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "எப்ப வெளியேறுவீங்க அண்ணே?" வந்த பதில்: "பயந்தவனுக்கு இது இல்ல தம்பி." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு.

அயர்ன் பட்டர்ஃபிளையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் ஐயா. எப்போது வெளியேறுவது என்று தெரியாதவர் அதற்குள் நுழையவே கூடாது. அந்த உச்சிப்புள்ளி காத்திருந்து பறிக்கும் இடம் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு அமெரிக்கப் பங்கு 100 டாலரில் நிற்கிறது, எக்ஸ்பைரிக்கு, அதாவது ஆப்ஷன் காலாவதியாக, ஒரு வாரம். 100 ஸ்ட்ரைக்கில், அதாவது 100 டாலர் என்று குறித்த விலையில், பங்கை வாங்கும் உரிமையான காலை 1.60க்கும் விற்கும் உரிமையான புட்டை 1.50க்கும் விற்கிறோம். பாதுகாப்புக்கு இறக்கையாக 105 காலையும் 95 புட்டையும் தலா 0.20க்கு வாங்குகிறோம். கையில் நிற்பது 2.70, அதாவது 100 பங்குள்ள ஒரு செட்டுக்கு 270 டாலர். இறக்கையின் அகலம் 5 டாலர், அதில் 2.70 போக மிச்சம் 2.30. மேக்ஸ் லாஸ் 230.

270 சம்பாதிக்க 230 பணயம் என்றதும் கண் விரிகிறது, இல்லையா? அந்த 270 முழுசாகக் கிடைக்க, பங்கு சரியாக 100.00இல் முடிய வேண்டும். 101இல் முடிந்தால் 170. 102இல் 70. 102.70இல் பூஜ்யம், அதற்கு மேலே நஷ்டம். கீழ்ப்பக்கம் 97.30 வரை இதே கதை. இந்தப் பிரீமியத்திலேயே ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பார்த்தால், அந்த வரம்புக்குள் முடிய வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. லாபத்தில் பாதியாவது தேற வாய்ப்பு நாலில் ஒன்றுக்குச் சற்றே மேல். இது யாருடைய திறமையும் இல்லை, சந்தை போட்டு வைத்த விலை அது.

"ஆனா 100ல ஓபன் இன்ட்ரஸ்ட் மலையா குவிஞ்சிருக்கு, அங்கதான் பின் ஆகும்" என்பார்கள். பின்னிங், அதாவது எக்ஸ்பைரியில் விலை ஸ்ட்ரைக்கில் ஒட்டிக்கொள்வது, உண்மைதான், நான் மறுக்கவில்லை. எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை சொல்லும் மார்க்கெட் மேக்கர் கையில் அந்த ஸ்ட்ரைக்கின் ஆப்ஷன்கள் வாங்கிய நிலையில் இருந்தால், தன் ரிஸ்க்கைச் சமன் செய்ய விலை ஏறும்போது பங்கை விற்பார், இறங்கும்போது வாங்குவார். அந்த வேலையே விலையை ஸ்ட்ரைக் பக்கம் இழுக்கும். அதே மனிதர் ஆப்ஷன்களை விற்ற நிலையில் இருந்தால் எல்லாம் தலைகீழ்: ஏற ஏற வாங்குவார், விலையை இன்னும் தூரத் தள்ளுவார். ஓபன் இன்ட்ரஸ்ட் எண் எத்தனை கான்ட்ராக்ட் இன்னும் மூடப்படாமல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வாங்கி வைத்திருப்பவர் யார் என்று சொல்லாது.

இழுப்பின் பலத்தையும் பாருங்கள். 2005இல் நீ, பியர்சன், போட்டேஷ்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, எக்ஸ்பைரி நாளில் பங்குகள் ஸ்ட்ரைக்கை ஒட்டி முடிவதைக் காட்டியது. அவர்கள் கணக்கில் விலை மாறும் அளவு சராசரியாகக் குறைந்தபட்சம் 0.165 சதவீதம். நம் 100 டாலர் பங்கில் அது பதினாறரை சென்ட்! அது சராசரிதான், சில பங்கில் கூடும். ஆனாலும் ஒரு சாதாரணச் செய்தி வந்து பங்கை மூன்று டாலர் நகர்த்தும்போது இந்த இழுப்பு என்ன செய்யும்?

ஆகவே திரும்பவும் அதே கேள்வி: எப்போது வெளியேறுவது?

நுழைந்த கையோடு லாப ஆர்டரைப் போடுங்கள். கால்வாசி லாபம் போதும். 2.70க்கு விற்றதை 2.00க்குத் திரும்ப வாங்கும் லிமிட் ஆர்டர், நான்கு ஆப்ஷனும் ஒரே ஆர்டராக. ஒவ்வொரு ஆப்ஷனிலும் ஐந்து சென்ட் நழுவினாலே போக 20, வர 20 டாலர் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது, விலை 97.30ஐயோ 102.70ஐயோ தொட்டால் மூடிவிடுங்கள், திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வார நடுவில் 102.70ஐத் தொட்டால் மூடும் விலை சுமார் 2.85தான் இருக்கும். நஷ்டம் 15 டாலர், நழுவலோடு சேர்த்து 60க்குள் அடங்கும். அதையே வெள்ளிக்கிழமை வரை இழுத்தால், அதற்கு அப்பால் ஒவ்வொரு டாலர் நகர்வும் முழு நூறு டாலர், 230 தீரும் வரை.

மூன்றாவது, நேரம். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளிக்கிழமை நியூயார்க் மதியம் 12, கோடை நேரத்தில் நமக்குச் சரியாக நள்ளிரவு. பங்கு 100.20இல் நிற்கிறது என்று வைப்போம். பின் பலித்துவிட்டது, படத்தில் நீங்கள் உச்சியில் இருக்கிறீர்கள். மூட விலை சுமார் 1.10, கையில் லாபம் 160. அப்படியே நின்றால் அதிகாலை 4 மணிக்கு இன்னும் 90 கிடைக்கும். 104க்குப் போனால் 160 லாபம் 130 நஷ்டமாகிவிடும். 90க்கு ஆசைப்பட்டு 290ஐ வைக்கும் இந்த ஆட்டத்தை, தூங்கிக்கொண்டே ஆடச் சொல்கிறார் அந்த அண்ணன்.

"என்ன ஆனாலும் 230க்கு மேல போகாதே?" போகும். பங்கு ஆப்ஷன்களில் போகும். 100.03இல் முடிந்தது என்று வையுங்கள், கிட்டத்தட்ட கச்சிதமான பின். விலை ஸ்ட்ரைக்குக்கு ஒரு சென்ட் மேலே இருந்தாலே கால் தானாக எக்ஸர்சைஸ் ஆகும், அதாவது வாங்கும் உரிமை பயன்படுத்தப்படும். ஆனால் வைத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்ல நியூயார்க் மாலை 5.30 வரை நேரம் உண்டு. சந்தை முடிந்த பிறகு வரும் செய்தியைப் பார்த்து அவர் முடிவெடுப்பார். நாம் விற்ற காலுக்குப் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்ற அசைன்மெண்ட் நமக்கு வந்ததா என்பது அதன் பிறகுதான் தெரியும். வந்திருந்தால் கணக்கில் 100 பங்கு ஷார்ட், அதாவது கையில் இல்லாத பங்கை விற்ற நிலை. பாதுகாத்த 105 கால் ஏற்கெனவே காலாவதி. திங்கள் 108இல் திறந்தால் பங்கில் 800 நஷ்டம், பிரீமியம் 270 கழித்து 530. ஃபிக்ஸ்ட் என்று சொன்ன 230 எங்கே போனது? இறக்கை உயிரோடு இருக்கும் வரைதான் அந்த வரம்பு. உச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் முடிகிறதோ அவ்வளவுக்கு இந்தக் குழப்பம் அதிகம். மார்ஜின் போதாத கணக்கென்றால் அன்று மதியமே புரோக்கர் கிடைத்த விலைக்கு மூடவும் செய்வார்.

அதனால்தான் நள்ளிரவுக்குள் வெளியே வந்துவிடுங்கள் என்கிறேன், குளிர்கால நேரத்தில் 1 மணி. வியாழனே வெளியேறினால் இன்னும் நல்லது. ஒருவேளை இறக்கைக்கு வாங்குவார் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், விற்ற இரண்டை மட்டும் மூடுங்கள். இறக்கையை முதலில் விற்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

"உனக்குப் பொறாமை, அவர் மாசாமாசம் ஜெயிக்கிறார்" என்று இன்பாக்ஸில் வந்துவிட்டது. ஜெயிக்கட்டும், நல்லது. பாதிக்குப் பாதி ஆட்டத்தில் தொடர்ந்து சில தடவை ஜெயிப்பது அதிசயமில்லை. தோற்ற வாரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் குரூப்பில் போடுவதில்லை. கிள்ளானிலும் பூச்சோங்கிலும் இபிஎஃப் பணத்தை எடுத்து வைத்திருக்கும் மக்கள் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவரைக் கோழை ஆக்கினால் அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்?

இன்னொருவர் சொன்னது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன்: "இன்டெக்ஸ் ஆப்ஷன் போட்டால் பணமாகவே தீர்ந்துவிடும், அசைன்மெண்ட் கிடையாது." சரி. S&P 500 இன்டெக்ஸின் SPX ஆப்ஷனில் அந்தத் தலைவலி இல்லை, 230 உண்மையிலேயே 230தான். லாப வரம்பின் குறுகல் மட்டும் அப்படியே இருக்கும். மூன்றாம் வெள்ளியில் முடியும் வழக்கமான SPX ஆப்ஷனில் இன்னொரு கூத்தும் உண்டு. வியாபாரம் வியாழனோடு சரி, தீர்வு விலை வெள்ளிக்கிழமை திறப்பு விலைகளிலிருந்து கணக்காகும். வியாழன் இரவு ஸ்ட்ரைக்கில் பின் ஆனதைப் பார்த்துக் கைதட்டலாம், வெள்ளி திறக்கும் விலை எங்கே இருந்தாலும் அதுதான் உங்கள் கணக்கு, நடுவில் விற்க ஒரு நிமிடம்கூடத் தர மாட்டார்கள். எக்ஸ்பைரி மாலையில் தீர்வதா, காலையில் தீர்வதா என்று ஆர்டர் போடும் முன் பார்த்தீர்களா என்று அந்த அண்ணனிடம் யாராவது கேளுங்கள். நான் கேட்டால் பொறாமை என்பார்.