பசுவின் அடைத்த காம்பைக் குச்சியால் குத்தித் திறக்கலாமா?

“காம்பு அடைச்சு பால் வரலைன்னா, வேப்பங்குச்சியைச் சீவி, எண்ணெய் தடவி உள்ளே விட்டு ஒரு சுத்து சுத்துங்க, உடனே திறந்துடும்.”

இப்படி யாராவது சொன்னால், தயவுசெய்து செய்யாதீர்கள். காம்புத் துளையின் உட்சுவரில் கிருமியைத் தடுக்கும் மெல்லிய படலம் இருக்கிறது, குச்சி அதைக் கிழித்து அழுக்கையும் உள்ளே கொண்டுபோகும், மடிநோய் வரும், அப்புறம் புண் ஆறும்போது ஏற்படும் தழும்பே துளையை இன்னும் இறுக்கிவிடும்.

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் ஒரு பசு எழுந்திருக்கும்போது தன் காம்பையே மிதித்துவிட்டது என்று வையுங்கள். காயத்தைக் கழுவிப் பாருங்கள், காயத்தின் வழியே பால் கசிந்தால் அது உள்வரை கிழிந்த காயம், அன்றைக்கே கால்நடை மருத்துவர் தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் தையல் பிடிக்காது. மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் அயோடின் தடவி மென்மையாகக் கறங்கள். கறக்கவே விடாத அளவு வலி என்றால் பால் வடிய, கிருமி நீக்கிய சிறு குழாயை மருத்துவரே காம்பில் போடட்டும்.

கன்று போட்டபின் ஒரு காம்பில் பாலே வரவில்லையா? காம்பை விரலிடையே உருட்டுங்கள். அந்தக் காம்புக்கு மேலுள்ள மடிப்பகுதி பாலால் நிறைந்து, காம்பில் மட்டும் முடிச்சோ கெட்டியான நரம்பு போன்றதோ தட்டுப்பட்டால் அடைப்பு காம்பில்தான், மருத்துவர் அதற்கான கத்தியால் திறக்க முயலலாம், ஆனாலும் மறுபடி அடைப்பதுண்டு. மடிப்பகுதியே சுருங்கிக் கட்டியாக இருந்தால் பால் சுரக்கும் திசுவே போய்விட்டது, எதைக் குத்தினாலும் வராது. அதை விட்டுவிடுங்கள், மற்ற மூன்று காம்புகள் ஓரளவு ஈடுகட்டும்.