குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1960-ல எந்தப் பேர்ல ஜெயிச்சாரு?

"1960 ரோம் ஒலிம்பிக்ல தங்கம் வாங்குனது முகமது அலிதான், பழைய ரெக்கார்டுல வேணும்னே பேரை மாத்திட்டாங்க" - ஃபார்வர்டு மெசேஜ்.

யாரும் மாத்தலைங்க, அப்போ அவரு பேரே கேஷியஸ் கிளேதான், அம்மா பாப்டிஸ்ட் கிறிஸ்தவரா வளர்த்த பையன். 1964 பிப்ரவரி 25 அன்னைக்கு ஹெவிவெயிட் சாம்பியன் சானி லிஸ்டனை ஜெயிச்சதும்தான் நேஷன் ஆஃப் இஸ்லாம்ங்கற அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் அமைப்புல இருக்கறதை வெளிப்படையா சொன்னாரு, கொஞ்ச நாள் கேஷியஸ் எக்ஸ், மார்ச் 6 அன்னைக்குத்தான் முகமது அலி. அப்புறம் 1975-ல சுன்னி இஸ்லாமுக்குப் போனாரு, இதைப் பலபேரு விட்டுடறாங்க. அதனால நல்ல வாழ்க்கை வரலாறுல முகமது அலினு ஆரம்பிச்சு பக்கத்துலயே பிறந்தப்போ வெச்ச பேரைப் போடுவாங்க, ரோம் பதக்கத்தை 'அப்போ கேஷியஸ் கிளே'னு எழுதுவாங்க, மதம் மாறுனதுக்குத் தனியா வருஷம் குறிப்பாங்க. 1964-க்கு அப்புறமும் அவரை கிளேனே எழுதுன பத்திரிகைங்க இருந்துச்சு, தப்பு அதுதான்.